நேர் விலக்கமா, எதிர் விலக்கமா? விசையைப் பார்த்துச் சொல்லும் முறை

ரௌல்ட் விதியும் மோல் பின்னமும் தெரிந்திருந்தால் போதும். கலவையின் ஆவி அழுத்தம் ரௌல்ட் விதி தரும் மதிப்பை விடக் கூடினால் நேர் விலக்கம், குறைந்தால் எதிர் விலக்கம். அசிட்டோன், குளோரோஃபார்ம் இரண்டையும் வைத்துத் தொடங்குவோம்.

படி 1: கலப்பதற்கு முன் என்ன பிணைப்பு?
அசிட்டோனின் ஆக்சிஜன் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும். ஆனால் கொடுக்க அதனிடம் தகுந்த ஹைட்ரஜன் இல்லை. குளோரோஃபார்மில் மூன்று குளோரின்களும் எலக்ட்ரானை இழுப்பதால் அதன் ஹைட்ரஜன் கொடுக்கத் தயாராக இருக்கிறது. அதை வலுவாக ஏற்க அங்கே அணு இல்லை. கலந்தவுடன் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. புதிய பிணைப்பு உருவாவதால் கலவை சூடாகும், மூலக்கூறுகள் ஆவியாகத் தயங்கும். இது எதிர் விலக்கம்.

(கலக்கும் குடுவையில் காரம் துளியும் இருக்கக் கூடாது. காரம் பட்டால் இரண்டும் வேகமாக வினைபுரிந்து கடும் வெப்பம் வெளிவரும்.)

படி 2: கணக்கில் சரிபாருங்கள்
35 °C-இல் தூய அசிட்டோனின் ஆவி அழுத்தம் சுமார் 344 மி.மீ., குளோரோஃபார்முக்கு 293 மி.மீ. குளோரோஃபார்மின் மோல் பின்னம் 0.6 என்றால்:

```
0.6 × 293 + 0.4 × 344 ≈ 313
```

அளந்தால் கிடைப்பதோ சுமார் 250 தான்.

படி 3: கொதிநிலை மாறாக் கலவை
பலர் தலைகீழாக எழுதிவிடுவது இங்கேதான். 250 என்பது 313-ஐ விடக் குறைவு என்பது விலக்கத்தை மட்டுமே காட்டும். அது 293, 344 இரண்டையும் விடக் குறைவு என்பதே முக்கியம்: வரைபடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கலவையின் ஆவி அழுத்தம் குறைந்தால் கொதிநிலை ஏறும். ஆகவே தனித்தனியே 56, 61 °C-இல் கொதிப்பவை, பள்ளத்தின் அடியில் உள்ள விகிதத்தில் சேர்ந்தால் சுமார் 64.5 °C-இல் கொதிக்கின்றன. அந்த விகிதத்தில் ஆவிக்கும் திரவத்துக்கும் இயைபு ஒன்றே. வாலை வடித்தாலும் பிரியாது. கொதிநிலை வரைபடத்தை நேரடியாக மனப்பாடம் செய்யாமல், முதலில் அழுத்த வரைபடத்தைப் போட்டு அதைக் கவிழ்த்துப் பார்ப்பதே நல்லது.

படி 4: எத்தனாலும் நீரும்
'ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு, எனவே எதிர் விலக்கம்' என்று எழுதினால் தவறு. இங்கே கலப்பதற்கு முன்பே இரண்டிலும் அந்தப் பிணைப்பு இருக்கிறது. எத்தில் தொகுதி நீரின் வலைக்குள் ஒட்டாமல் நிற்பதால் எத்தனால் எளிதில் வெளியேறுகிறது: நேர் விலக்கம். நிறைப்படி 95.6% எத்தனாலில், 78.2 °C-இல் கொதிநிலை மாறாக் கலவை கிடைக்கும். தூய எத்தனாலின் 78.4-ஐ விடச் சற்றே குறைவு.

'நேர் விலக்கம் என்றால் கன அளவு கூடும், கலவை குளிரும்' என்ற பாடப்புத்தக விதி இதற்குப் பொருந்தாது. அறை வெப்பநிலையில் 50 மி.லி. எத்தனாலும் 50 மி.லி. நீரும் சேர்ந்தால் 100 வராது, சுமார் 96 தான் வரும், குடுவையும் வெதுவெதுப்பாகும். எத்தில் தொகுதியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் அவற்றின் தாறுமாறான இயக்கம் குறைகிறது. எத்தனாலை வெளியே தள்ளுவது அந்த இழப்புதான். அதனால் விலக்கத்தை வெப்பத்தை வைத்துச் சொல்லாமல், ஆவி அழுத்தத்தை வைத்தே சொல்லுங்கள்.

மெத்தனாலும் நீரும் சேர்ந்தால் அதுவும் நேர் விலக்கமே. ஆனால் 65, 100 °C எனக் கொதிநிலைகள் வெகுதூரம் விலகியிருக்க, விலக்கமோ சிறியது. அழுத்தக் கோடு மேல்நோக்கி வளைந்தாலும் தூய மெத்தனாலைத் தாண்டி மேடு எழும்பாது. எனவே அவற்றை வாலை வடித்தே முழுதாகப் பிரிக்கலாம்.