ஷோரீலில் எந்த ஷாட் முதலில் வர வேண்டும்?

ஒளிப்பதிவாளர் தன் திறனைக் காட்டத் தொகுக்கும் வீடியோவான ஷோரீலைப் பார்ப்பவர் பெரும்பாலும் முதல் சில ஷாட்களிலேயே முடிவெடுத்துவிடுவதால், பெயர் அட்டையை இரண்டு நொடிக்குள் முடித்து, மிகச் சிறந்த ஷாட்டை உடனே வைக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க, இசையை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஷாட்டையும் தனியாகப் பாருங்கள். இசையின் துணையின்றி ஒளியமைப்போ கேமரா நகர்வோ கண்ணைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால், அந்த ஷாட்டை நீக்கிவிடலாம். எடுப்பதற்கு எவ்வளவு பாடுபட்டீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக, மூன்று நிமிட ரீலில் அந்திநேர ட்ரோன் ஷாட்கள் நான்கு இருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதையடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த முகத்தின் குளோசப்பையும், பின்னர் ஓர் இரவுக் காட்சியையும் சேர்த்தால், ஒன்றரை நிமிடத்திலேயே உங்கள் திறனின் வீச்சு புலப்படும். இரண்டாவது சிறந்த ஷாட்டை முடிவுக்கு ஒதுக்குங்கள்.