ஜப்பான் மொழித் தேர்வில் என்னைத் தடுத்த 'கித்தே'

ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக மொழித் தேர்வும் உண்டு. நான் எழுதியது ஜே.எஃப்.டி. பேசிக். 60 நிமிடம், கணினியில். 250க்கு 200 வேண்டும். முதல் முறை 182தான் வந்தது. கேட்டுப் பதிலைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில்தான் விழுந்தேன்.

பாளையங்கோட்டையில், ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய அக்கா ஒருவர் என் நோட்டைப் புரட்டினார். "எதுக்குல எல்லாத்தையும் தமிழ்ல எழுதி வச்சிருக்க?" என்றார்.

அங்கேதான் கோளாறு. 'வாருங்கள்' என்பதற்கான சொல்லை 'கிதே' என்று எழுதினால், நம் வழக்கப்படி 'த' மெலிந்து ஒலிக்கும். அதனால் 'கித்தே' என்று எழுதியிருந்தேன். 'வெட்டுங்கள்' என்பதற்கும் 'கித்தே'தான். நோட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, அப்புறம் காதிலும் ஒன்றாகிவிட்டன. 'கேளுங்கள்' மட்டும் 'கீத்தே' என்று தப்பித்தது. குறில் நெடில் நமக்குப் பழக்கமாயிற்றே.

சரி என்று தமிழ் எழுத்தை விட்டுவிட்டு ஜப்பானிய எழுத்தான ஹிராகனாவிலேயே எழுத ஆரம்பித்தேன். அதில் 'வெட்டு'க்கு நடுவே சிறிய 'த்சு' எழுத்து நிற்கும். அங்கே ஒரு தட்டு நேரம் மூச்சை அடக்க வேண்டும். தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழகினேன்: 'வா'வுக்கு இரண்டு தட்டு, 'வெட்டு'க்கு மூன்று. ஒலிப்பதிவைக் கேட்டதும் முதலில் தட்டுவேன், பிறகுதான் எழுதுவேன். தட்டு தப்பினால் அதே வரியைத் திரும்பப் போடுவேன்.

இரண்டாம் முறை 214.