தேநீர்க் கடைக் கிளை எடுக்கும் முன் நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள்

சென்ற ஆண்டு திருப்பூரில் ஒரு தேநீர் நிறுவனத்தின் பிரான்சைஸ் எடுக்க முயன்றபோது, முன்பணம் கட்டும் நாளுக்கு முந்தைய வாரத்தில்தான் சரியான கேள்விகளைக் கேட்டேன். முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இடம் பார்ப்பது, கடன் ஏற்பாடு ஆகியவற்றை இங்கே எழுதவில்லை. நிறுவனத்திடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. மின்னஞ்சலில் கேளுங்கள்

விற்பனைப் பிரிவினர் தொலைபேசியிலும் வாட்ஸ்அப் குரல் பதிவிலும்தான் பேச விரும்புவார்கள். நான் இரண்டையும் தவிர்க்கச் சொல்வேன். பிரான்சைஸ் தொழிலுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாததால், கட்டணங்களையும் மூடப்பட்ட கிளைகளின் விவரத்தையும் முன்கூட்டியே ஓர் ஆவணமாகத் தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. நாம் கேட்டு வாங்குவதுதான் நம்மிடம் இருக்கும். அதோடு, பெரும்பாலான ஒப்பந்தங்களில் "இந்த ஒப்பந்தத்தில் உள்ளவை தவிர வேறு எந்த வாக்குறுதியும் செல்லாது" என்ற பொருளில் ஒரு விதி இருக்கும். ஆகவே வாங்கிய பதில்களை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சம்மதமா என்பதையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

2. ராயல்டி எதன் மீது என்று கேளுங்கள்

ராயல்டி என்பது மாத விற்பனையில் நிறுவனத்துக்கு நாம் தரும் பங்கு. அதற்கு "ஆறு சதவீதம்" என்ற பதில் போதாது. வரி சேர்த்த விற்பனையிலா, சேர்க்காததிலா? உணவு விநியோகச் செயலி எடுத்துக்கொள்ளும் கமிஷனைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? ராயல்டிக்கு மேல் ஜிஎஸ்டி தனியா?

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். ராயல்டிக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் நிறுவனம் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துப் பில் போடும். மற்ற பல தொழில்களில் அதை உள்ளீட்டு வரியாக, நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கும் உணவகத்துக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால், அது முழுவதும் நம் செலவு. மாதம் 3,00,000 ரூபாய் விற்பனைக்கு 6 சதவீத ராயல்டி 18,000 ரூபாய். அதற்கு வரி 3,240 ரூபாய். ஆக 21,240 ரூபாய் போகும். நுழைவுக் கட்டணம் 5,00,000 என்றால் கையிலிருந்து போவது 5,90,000.

3. கட்டாயக் கொள்முதலின் விலைப்பட்டியலைக் கேளுங்கள்

நான் தடுக்கி விழ இருந்த இடம் இதுதான். நான் பார்த்த நிறுவனம் "ராயல்டியே கிடையாது" என்றது; அந்த ஒரு வரியில் நான் மயங்கிவிட்டேன். ஆனால் டீத்தூள், மசாலாப் பொடி, அச்சிட்ட காகிதக் கோப்பை எல்லாவற்றையும் அவர்களிடமே வாங்க வேண்டும். மூன்று முறை நினைவூட்டிய பிறகு வந்த விலைப்பட்டியலில் டீத்தூள் கிலோ 520 ரூபாய். எங்கள் ஊர் மொத்தக் கடையில் அதே தரமுள்ளதாக எனக்குப் பட்ட தூள் 380 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டிலும் தேநீர் போட்டு, கடை வைத்திருக்கும் என் மாமாவிடம் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தேன். அவருக்கு வேறுபாடு தெரியவில்லை. நாளுக்கு 2 கிலோ வீதம் மாதம் 60 கிலோ என்றால் வேறுபாடு 8,400 ரூபாய். 3,00,000 விற்பனையில் அது 2.8 சதவீதம், டீத்தூள் ஒன்றிலேயே இவ்வளவு. ராயல்டி இல்லை என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது இந்த லாபம்தான். விலையை ஆண்டுக்கு எத்தனை முறை, எவ்வளவு வரை உயர்த்தலாம் என்பதற்கு வரம்பு உண்டா என்றும் கேளுங்கள். எனக்கு அதற்குப் பதில் வரவில்லை, நான் விலகியதற்கு முதல் காரணம் அது.

4. உதவி என்பதை நாளாகவும் ஆளாகவும் கேளுங்கள்

"முழுப் பயிற்சி உண்டு" என்பதை ஏற்காதீர்கள். எத்தனை நாள், எத்தனை பேருக்கு, தங்கும் செலவு யாருடையது, கடை திறந்த பிறகு அவர்கள் ஆள் எத்தனை நாள் நிற்பார், மாஸ்டர் திடீரென்று வேலையை விட்டால் மாற்று ஆளை அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

5. மூடிய கிளைகளின் பட்டியலைக் கேளுங்கள்

நன்றாக ஓடும் கடையின் எண்ணை அவர்களே தருவார்கள். கடந்த இரண்டு ஆண்டில் மூடியவர்களின் எண்ணைத்தான் நாம் கேட்க வேண்டும். தர மறுத்தால், கூகுள் வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடி, நிரந்தரமாக மூடப்பட்டது என்று காட்டும் இடங்களின் பக்கத்துக் கடைகளில் விசாரியுங்கள். எனக்கு இப்படித்தான் ஒருவர் கிடைத்தார். மாதக் கொள்முதலில் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்திருந்ததால்தான் மூடினேன் என்றார் அவர்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தம் ஒப்பந்தத்தில் டெபாசிட் "திரும்பத் தரப்படும்" என்று இருந்தும், கடையை மூடிய பிறகு பெயர்ப்பலகை அகற்றும் செலவு, நிலுவை என்று கழித்துப் பாதிகூட வரவில்லை என்று எழுதியிருந்தார். எனவே இதையும் சேர்த்துக் கேளுங்கள்: டெபாசிட் எத்தனை நாளுக்குள் வரும், எவற்றைக் கழிப்பார்கள், கழிப்பவற்றுக்குப் பில் தருவார்களா?