மேப்பில் நம் ஓட்டல்: நேரத்தை முதலில் சரிசெய்யுங்கள்

மதுரை தெப்பக்குளம் பக்கம் சித்தப்பா நடத்தும் பரோட்டா கடை மதியம் 12 முதல் 3:30 வரை, அப்புறம் மாலை 6:30 முதல் இரவு 1 மணி வரை திறந்திருக்கும். கூகுள் மேப்பில் மட்டும் மதியம் 12 முதல் இரவு 1 வரை ஒரே நீட்டாகப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் 5 மணிக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

கடையின் கூகுள் கணக்கில் நுழைந்து Edit profile போய், Hours பகுதியில் ஒரே நாளுக்கு இரண்டு நேரம் சேர்க்கலாம். நள்ளிரவு தாண்டினால் குழம்ப வேண்டாம். சனிக்கிழமை இரவென்றால் சனிக்கிழமை வரிசையிலேயே திறப்பு 6:30 PM, மூடல் 1:00 AM என்று போடுங்கள். AM, PM மாறினால் கடை மூடியிருப்பதாகக் காட்டும், அதை இரண்டு முறை பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள், தீபாவளி மாதிரி நாட்களுக்கு Special hours தனியாக இருக்கிறது. வழக்கமான நேரத்தைத் தொடவே வேண்டாம்.

படத்தில் முதலில் வேண்டியது எதிர்சாரியில் நின்று எடுத்த கடை முகப்பு. போர்டு, வாசல், பக்கத்துக் கடை மூன்றும் தெரியட்டும். இரவுக் கடையென்றால் விளக்கு எரியும்போதும் ஒன்று எடுங்கள். கறிதோசையை ஃபிளாஷ் போடாமல், வாசல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் முறுகிய ஓரம் நன்றாகத் தெரியும். விலைப்பட்டியலைப் படமாகப் போட்டால், விலை மாறிய அன்றே படத்தையும் மாற்றுங்கள்.

கடைசியாக மேப்பைப் பெரிதாக்கி, கடையைக் காட்டும் குறி நம் வாசலில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் அது பின்தெருவில் விழுந்துவிடலாம்.