காய்ச்சல், சளி, உடம்பு வலி மாத்திரைகளில் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலைக் கூட்டிப் பார்ப்பது எப்படி?

போன ஐப்பசி மழையில் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டில் இருந்த 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுத்தேன். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை காலை, மதியம், இரவு. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலிக்கிறது என்றார். முன்பு முதுகுவலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை மிச்சம் இருந்தது, அதில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மூன்றும் மூன்று நிறம், மூன்று தொல்லைக்கு மூன்று மருந்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை டாக்டரிடம் போனோம். "என்னென்ன குடுத்தீங்கம்மா? அட்டை இருக்கா?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் பேனாவால் இப்படிக் கூட்டிக் காட்டினார்:

650 × 4 = 2600
500 × 3 = 1500
325 × 2 = 650
மொத்தம் 4750 மில்லிகிராம்.

மூன்றிலும் பாராசிட்டமால் இருந்தது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு மேல்வரம்பு 4000 மில்லிகிராம், அதாவது 4 கிராம். ஒரே நாளில் அதைத் தாண்டியிருந்தோம். உடனே கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், மறுநாள் ஒருமுறை, அதற்கடுத்த நாள் ஒருமுறை. மூன்றும் சரியாக இருந்தன. அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கமில்லை. அப்புறம்தான் இந்த முறையை எங்கள் வீட்டுக்கு வகுத்துக்கொண்டேன்.

படி 1: எல்லா அட்டையையும் ஒரே இடத்தில் போடுங்கள்

காய்ச்சல்காரர் இந்த இரண்டு நாளில் வாயில் போட்டது எதுவாக இருந்தாலும் எடுங்கள். மாத்திரை, சிரப், வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் பொடி, ஆபீஸ் மேசையில் வைத்திருக்கும் தலைவலி மாத்திரை எல்லாமே. இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

படி 2: பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அட்டையின் முன்பக்கத்தில் இருப்பது விற்பனைப் பெயர். டோலோ 650 போன்றவற்றில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணே பாராசிட்டமாலின் அளவு. ஆனால் எல்லாப் பெயரும் அப்படி உதவி செய்யாது. காம்பிஃப்ளாம் என்ற பெயரில் எண்ணே இல்லை. உள்ளே ஐபுப்ரோஃபென் 400, கூடவே பாராசிட்டமால் 325. சாரிடான் தலைவலிக்கு என்று வாங்குவோம், அதில் 250. மூட்டுவலிக்கு எழுதும் ஜீரோடால்-பி மாத்திரையில் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'பி'தான் பாராசிட்டமால், 325. பெயருக்குப் பின்னால் 'பி', 'பிளஸ்', 'கோல்டு', 'ஃப்ளூ' என்று ஏதாவது வால் இருந்தால் உடனே அட்டையைத் திருப்புங்கள். வால் இல்லாவிட்டாலும் திருப்புங்கள்.

பின்பக்கத்தில், பளபளக்கும் தாளில், எறும்பு வரிசை போல ஆங்கில எழுத்து இருக்கும். "ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ளவை" என்ற பொருளில் ஒரு வரி தொடங்கும். அதன் கீழ் மருந்துகள் ஒவ்வொரு வரியாக, வலது ஓரத்தில் மில்லிகிராம் அளவு. பாராசிட்டமால் எப்போதும் முதல் வரியில் இருக்கும் என்று நம்பாதீர்கள். என் கணவரின் சளி மாத்திரையில் அது மூன்றாவது வரியில் இருந்தது. நான் முதல் வரியோடு கண்ணை எடுத்துவிட்டேன்.

படிக்க எனக்குப் பிடித்த கருவி செல்போன் கேமராதான். அட்டையை விளக்குக்கு நேராகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பளபளப்பில் எதுவும் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. மருந்துக்கடையில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டிக் கவரில் போட்டுத் தருவார்கள். வெட்டிய துண்டில் பாதிப் பெயர் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. நான் இப்போது, "அண்ணே, வெட்டாம முழு அட்டையா குடுங்க" என்று கேட்டு வாங்குகிறேன். பத்து மாத்திரையும் தேவைப்படாது என்றாலும் சரி. இல்லையென்றால் வெட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அதைக் கொடுக்காதீர்கள்.

படி 3: எழுதிக் கூட்டுங்கள்

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைத் தாள். மூன்று பத்தி: நேரம், மாத்திரை, அதில் உள்ள பாராசிட்டமால். செயலிகள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். மாத்திரை கொடுப்பது நான், மாமியார், சில சமயம் பையன். மூன்று பேரின் கண்ணிலும் படுவது தாள்தான்.

ஒரு தடவைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம். அடுத்த தடவைக்குக் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி, ஆறு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். அப்போதும் முழுதாக இறங்காமல் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் குறையலாம். "இன்னும் சுடுதே" என்று உடனே இன்னொன்று கொடுக்கத் தோன்றும் நேரம் அதுதான். அந்த நேரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள்.

அப்புறம், 24 மணி நேரம் என்றால் நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. ஒருவர் மாலை 4 மணிக்கு 1000, இரவு 8 மணிக்கு 1000, தூங்கப்போகும்முன் 12 மணிக்கு 1000 எடுக்கிறார். "இது புது நாள்" என்று விடிகாலை 4 மணிக்கு 1000, காலை 8 மணிக்கு 1000. காலண்டர்படி பார்த்தால் எந்த நாளிலும் 4000-ஐத் தாண்டவில்லை. ஆனால் 16 மணி நேரத்தில் 5000 உள்ளே போயிருக்கிறது. அதனால் ஒவ்வொரு மாத்திரைக்கு முன்பும், நேற்று இதே நேரத்திலிருந்து இப்போது வரை தாளில் உள்ளதைக் கூட்டுங்கள். கையில் இருப்பதையும் சேர்த்து 4000-க்குள் வந்தால் மட்டும் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் நான் 3000-இல் கோடு போட்டிருக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் வீட்டில் நாமே எடுப்பதற்கு அது போதும் என்பது என் முடிவு. 50 கிலோவுக்குக் குறைவான எடை, கல்லீரல் நோய், தினமும் குடிப்பவர், நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் என்றால் 4000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே, பலருக்கு 2000 அளவில் நிற்கும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். என் மாமியார் 44 கிலோ, அவருக்குத் தனித் தாள்.

படி 4: இரண்டாவது பாராசிட்டமாலை விலக்குங்கள்

கூட்டிப் பார்த்ததோடு விட்டுவிடாமல், கூட்டவே தேவையில்லாதபடி செய்துகொள்ளலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் உள்ள ஒரே மாத்திரை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. தும்மல், மூக்கொழுகலுக்கு வேண்டுமானால் செட்டிரிசின் மட்டும் உள்ள மாத்திரை, தூக்கம் வரும் என்பதால் இரவில். உடம்பு வலிக்கு அதே பாராசிட்டமால் போதும், அது வலிக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறது. என் கணவருக்குச் சளி மாத்திரையையும் வலி மாத்திரையையும் நிறுத்தியபின் ஒரு நாளைக்கு 650 × 4 = 2600 மட்டும்தான் போனது.

நான் கலவை மாத்திரையே வாங்குவதில்லை. மூக்கடைப்பு மட்டும் இருக்கும் நாளிலும் அது காய்ச்சல் மருந்தைச் சேர்த்தே உள்ளே தள்ளுகிறது. மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் தீரும்வரை ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து கலந்தவை கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

வரம்பைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால்

வாந்தி வருகிறதா, கண் மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. வழக்கமான அளவில் கல்லீரலில் இருக்கும் குளூட்டாதையோன் என்ற பொருள் அந்த நச்சைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறும்போது குளூட்டாதையோன் தீர்ந்துபோகும், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கத் தொடங்கும். ஆனால் முதல் 24 மணி நேரம் ஆள் நன்றாகவே தெரியலாம். லேசான குமட்டல் இருந்தாலும் காய்ச்சலால்தான் என்று நினைத்துவிடுவோம். வலது விலாவுக்குக் கீழே வலி வருவதற்குள் ஒன்றிரண்டு நாள் ஓடிவிடும்.

இதற்கு முறிமருந்து இருக்கிறது, பெயர் அசிட்டைல்சிஸ்டீன். ஒரேயடியாக அதிகம் விழுங்கிவிட்டவருக்கு 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும், தாமதமானாலும் கொடுப்பார்கள். எங்களைப் போல நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் கூடியிருந்தால், டாக்டருக்கு உங்கள் ஃபிரிட்ஜ் தாள்தான் பெரிய உதவி. தாளையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பின்சேர்க்கை 1: "கிளினிக்கில் காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள், அதையும் கூட்டணுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கூட்ட வேண்டும். அந்த ஊசியும் பாராசிட்டமாலாக இருக்கலாம். போடுகிற நர்ஸிடமே, "சிஸ்டர், இதுல பாராசிட்டமால் இருக்கா, எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டுத் தாளில் நேரத்தோடு எழுதுங்கள். வெளியே வந்ததும் மாத்திரை போடலாமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: அமெரிக்காவிலிருந்து வந்த அண்ணன் டைலனால் கொடுத்துவிட்டுப் போனார், அதில் பாராசிட்டமால் என்று எங்கேயும் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென், இரண்டும் ஒரே மருந்துதான். இலங்கை, சிங்கப்பூர் உறவினர்கள் தரும் பெனடாலும் இதேதான். தாளில் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

பின்சேர்க்கை 3: பெரியவர்கள் குழந்தையின் சிரப்பைக் குடிப்பது பற்றி. அது 5 மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும், பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 5 மில்லியில் 250 என்றால் 10 மில்லிக்கு 500 என்று எழுத வேண்டும். "ரெண்டு மூடி" என்று எழுதினால் கூட்ட முடியாது. மாமியார் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார், மூடியின் அளவைத் தேடி அன்று குப்பைக்கூடையைக் கிளறினேன்.