பண வளர்ச்சி இலக்கை நம்பும்போது நேரும் தவறுகள்: 2022 ஆம் ஆண்டின் கணக்கு

பண நிரம்பல் ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் வளரக்கூடாது என்று மத்திய வங்கி ஓர் எல்லையை வகுத்து, அந்த எல்லைக்குள் நின்றுவிட்டால் விலைகளும் கட்டுக்குள் நிற்கும் என்பது கேட்பதற்கு எளிய கொள்கை. இலங்கை மத்திய வங்கியும் 1980களின் தொடக்கத்திலிருந்து நீண்டகாலம் பணத்தொகையையே தன் இடைநிலை இலக்காக வைத்திருந்தது. அதனால்தான் திருகோணமலையில் உயர்தரப் பொருளியல் படிக்கும் மாணவர்களும், வங்கிகளில் வேலை செய்பவர்களும் இன்றைக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: 2022 இல் விரிந்த பண நிரம்பல் 15 சதவீதத்தை ஒட்டித்தானே வளர்ந்தது, பிறகு பணவீக்கம் செப்டெம்பரில் எப்படி 70 சதவீதத்தைத் தொட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது வழக்கமாகச் செய்யப்படும் தவறுகள் சில உண்டு. அவற்றை அந்த ஆண்டின் எண்களைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

சமன்பாட்டை விதியாகப் படிப்பது

பாடப்புத்தகத்தில் நாம் முதலில் காண்பது இது:

```
M × V = P × Y
```

M என்பது பண நிரம்பல், V என்பது பணத்தின் சுற்றோட்ட வேகம், அதாவது ஒரு ரூபாய் ஓராண்டில் சராசரியாக எத்தனை தடவை கைமாறுகிறது என்பது, P என்பது விலைமட்டம், Y என்பது உண்மை உற்பத்தி. வலப்பக்கம் முழுவதும் சேர்ந்து பெயரளவு மொத்த உள்நாட்டு உற்பத்தியாகிறது. இந்தச் சமன்பாடு ஒருபோதும் பொய்க்காது. ஆனால் அது பொய்க்காததற்குக் காரணம், V ஐ யாரும் தனியே அளப்பதில்லை என்பதுதான். பெயரளவு உற்பத்தியைப் பண நிரம்பலால் வகுத்தால் வரும் ஈவையே வேகம் என்கிறோம். ஆகவே இந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு பணம் கூடினால் விலை அதே அளவு கூடும் என்று முடிவு செய்ய இயலாது. அந்த முடிவுக்கு வர, V மாறாது, அல்லது முன்கூட்டியே கணிக்கக்கூடிய ஒழுங்கில் மாறும் என்ற இன்னோர் எடுகோள் வேண்டும். பண வளர்ச்சி இலக்கின் முழுப் பாரமும் அந்த எடுகோளின் மேல்தான் இருக்கிறது.

கடந்த ஆண்டின் வேகத்தை இந்த ஆண்டுக்குக் கொண்டுவருவது

எண்களைப் பார்ப்போம். வெளிநாட்டு நாணய வைப்புகளையும் உள்ளடக்கிய விரிந்த பண நிரம்பல் 2020 இறுதியில் ஏறத்தாழ 9.4 ட்ரில்லியன் ரூபாயாகவும், 2021 இறுதியில் 10.6 ட்ரில்லியனாகவும், 2022 இறுதியில் 12.3 ட்ரில்லியனாகவும் இருந்தது. ஓராண்டின் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால், 2021 இன் சராசரி சுமார் 10 ட்ரில்லியன், 2022 இன் சராசரி சுமார் 11.5 ட்ரில்லியன். பெயரளவு மொத்த உள்நாட்டு உற்பத்தி 2021 இல் ஏறத்தாழ 17.6 ட்ரில்லியன், 2022 இல் ஏறத்தாழ 24.1 ட்ரில்லியன். ஆகவே 2021 இல் வேகம் சுமார் 1.76, அடுத்த ஆண்டில் அது சுமார் 2.1. ஒரே ஆண்டில் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது.

இப்போது 2022 இன் தொடக்கத்தில் 1.76 என்ற வேகத்தை நம்பி ஒருவர் திட்டமிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் சராசரிப் பணத்தொகை அவர் எதிர்பார்த்தபடியே 11.5 ட்ரில்லியனாக அமைந்தாலும், பெயரளவு உற்பத்தி 20.2 ட்ரில்லியனில் நிற்கும் என்றே அவர் கணக்கிட்டிருப்பார். உண்மையில் அது ஏறத்தாழ நான்கு ட்ரில்லியன் அதிகமாக வந்தது. உண்மை உற்பத்தியோ 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. எனவே அந்த மிகை முழுவதும் விலையாகத்தான் மாறியிருக்கிறது. பண இலக்கை ஒரு பிசகும் இல்லாமல் அடைந்த ஒருவர், விலையில் இத்தனை பெரிய பிழைக்கு வந்து சேர்ந்திருப்பார். மறுபக்கமாகவும் பார்க்கலாம். 2.1 என்ற வேகத்தில் பெயரளவு உற்பத்தியை 20.2 ட்ரில்லியனில் நிறுத்த வேண்டுமானால், சராசரிப் பணத்தொகை 9.6 ட்ரில்லியனாக, அதாவது முந்தைய ஆண்டைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் அப்படியோர் இலக்கை எந்த மத்திய வங்கியும் வகுத்திருக்காது. வகுப்பதற்கான தகவலும் அப்போது எவரிடமும் இல்லை.

வேகத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது

வேகம் கூடியது, அதனால் விலை ஏறியது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது இன்னொரு தவறு. ஈவாக வரும் எண்ணுக்குத் தானே எதையும் செய்யும் சக்தி கிடையாது. மக்கள் எவ்வளவு பணத்தைக் கையிலும் வங்கியிலும் வைத்திருக்க விரும்புகிறார்கள் என்பதன் நிழல்தான் அது. 2022 மார்ச்சிலிருந்து ரூபாயின் பெறுமதி சில வாரங்களில் சரிந்து, 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் 360 ரூபாயை எட்டியது. எரிபொருளும் இறக்குமதிப் பொருள்களும் அதே வேகத்தில் விலை ஏறின. இந்த விலையேற்றம் பண நிரம்பல் வழியாக வரவில்லை. ஆனால் பெயரளவு உற்பத்தியில் விலைகள் ஏறி, பணத்தொகை அதற்கேற்ப உயராதபோது, அந்த வேறுபாடு கணக்கில் V இன் ஏற்றமாகவே பதிவாகிறது.

நடத்தை மாற்றமும் இருந்தது. அதை திருகோணமலையின் பிரதான வீதியிலோ கிண்ணியாவிலோ கடை வைத்திருந்த எவரும் விளக்கத் தேவையின்றிப் புரிந்துகொள்வார்கள். ஆண்டின் தொடக்கத்தில் நிலையான வைப்புக்கு ஒற்றை இலக்க வட்டிதான் கிடைத்தது. ஜனவரியிலேயே பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் வங்கியில் காசை விட்டுவைப்பது இழப்பு என்று கணக்குப் பார்த்தவர், அதை அரிசியாகவோ, சீமெந்தாகவோ, நகையாகவோ மாற்றிவிடவே விரும்புவார். காசு கையில் தங்கும் நாள்கள் குறைகின்றன, வேகம் கூடுகிறது.

ஆனால் அதே வீதியில் எதிர்த்திசையில் தள்ளிய சக்தியும் உண்டு என்பதை நாம் கவனிப்பதில்லை. நாளை என்ன விலை என்று தெரியாத மொத்த வியாபாரி கடனுக்கும் பின்திகதியிட்ட காசோலைக்கும் பொருள் தரத் தயங்கி, கையில் காசு கேட்டால், சில்லறை வியாபாரி முன்னைவிடக் கூடுதலாகக் காசை ஒதுக்கிவைக்க வேண்டும். மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று தெரியாமல் வரிசையில் நிற்கும் மீனவர், வந்தவுடன் வாங்கும் அளவுக்குப் பணத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். இவை வேகத்தைக் குறைக்கும் காரணங்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அந்த ஆண்டில் முதற்சக்தி வென்றது. அது வெல்லும் என்பதையும் எந்த அளவில் வெல்லும் என்பதையும் முன்னதாகச் சொல்ல உதவும் அளவுகோல் ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பணத்தொகைக்குள் என்ன இருக்கிறது என்று பாராதது

மேலே சொன்ன 12.3 ட்ரில்லியனில் டொலர் வைப்புகளும் ரூபாய்ப் பெறுமதியில் சேர்ந்திருக்கின்றன. டொலரின் விலை ஏறும்போது, புதிதாக ஒரு சதமும் வைப்பிலிடப்படாமலே அந்த வைப்புகளின் ரூபாய்ப் பெறுமதி ஊதிப்போகிறது. ஆகவே 2022 இன் 15 சதவீத வளர்ச்சியில் ஒரு பகுதி நாணயமாற்று வீதத்தின் விளைவே. ரூபாய்ப் பணம் மட்டும் என்று எடுத்தால் வளர்ச்சி இன்னும் குறைவு, வேகத்தின் ஏற்றம் இன்னும் கூடுதல். அதேபோல், ஆண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. பொதுமக்கள் வைத்திருக்கும் உண்டியல்கள் பண நிரம்பலில் சேர்வதில்லை. சேமிப்பாளர் ஒருவர் தம் செல்வத்தை வைப்பாக வைத்திருக்காமல் உண்டியலாக வைத்திருக்க விரும்பத் தொடங்கினால், பணத்துக்கான வேண்டுதல் குறைந்து வேகம் கூடியதாகத் தெரியும். அவருடைய செலவோ மாறியிருக்காது. எதைப் பணம் என்று எண்ணுகிறோம் என்ற எல்லைக்கோட்டிலேயே இவ்வளவு தங்கியிருக்கிறது.

பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் விழும் என்று எண்ணுவது

2022 ஐ மட்டும் பார்ப்பவர், பண இலக்கு எப்போதும் பணவீக்கத்தைக் குறைத்தே காட்டும், ஆகவே இலக்கை இன்னும் இறுக்கமாக வைத்தால் போதும் என்று நினைக்கக்கூடும். அமெரிக்காவின் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. அங்கே நாணயமும் நடைமுறை வைப்பும் சேர்ந்த குறுகிய பண நிரம்பலின் வேகம், 1950களின் இறுதியிலிருந்து 1981 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3 சதவீதமளவில் ஏறிக்கொண்டே வந்தது. அந்த ஒழுங்கை நம்பித்தான் 1979 ஒக்டோபரில் போல் வொல்க்கரின் தலைமையில் அந்நாட்டு மத்திய வங்கி பணத்தொகை இலக்குகளை முன்னிறுத்தியது. 1981 ஜனவரியில், வட்டி தரும் காசோலைக் கணக்குகள் நாடெங்கும் அனுமதிக்கப்பட்டன. பணவீக்கமும் வட்டி வீதமும் இறங்கத் தொடங்கியதும், மக்கள் சேமிப்பையும் அந்தக் கணக்குகளிலேயே விட்டுவைத்தனர். வேகம் இருபது ஆண்டுக்கும் மேலான ஏறுமுகத்தை விட்டுச் சரிந்தது.

1982 ஆம் ஆண்டுக்கான இலக்கு 2.5 முதல் 5.5 சதவீதம், குறுகிய பண நிரம்பலோ 8 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அது கட்டுமீறிய தளர்வாகத் தெரிந்தது. உண்மையில் அப்போது நாடு கடும் மந்தத்தில் இருந்தது. ஆண்டிறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தை எட்டியது. இலக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்று பணத்தை மேலும் இறுக்கியிருந்தால் மந்தம் இன்னும் ஆழமாகியிருக்கும். 1982 ஒக்டோபரில் அந்த இலக்கின் முக்கியத்துவம் குறைக்கப்பட்டதை, கொள்கையில் உறுதி தளர்ந்ததாகச் சிலர் எழுதுவது நியாயமற்றது என்பது என் கருத்து. உடைந்துபோன உறவொன்றைப் பின்பற்றுவதில் உறுதி எதுவும் இல்லை.

வேகம் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று காத்திருப்பது

வேகம் தற்காலிகமாக விலகியது, விரைவில் பழைய சராசரிக்குத் திரும்பும் என்று கருதி இலக்கைத் திருத்துவதும் வழக்கம். அமெரிக்காவில் அது பழைய பாதைக்குத் திரும்பவில்லை. இலங்கையில் 2023 இல் பணவீக்கம் ஆண்டின் பிற்பகுதியில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டபோதும், பெயரளவு உற்பத்தி ஏறத்தாழ 27.6 ட்ரில்லியனாகவும் சராசரிப் பணத்தொகை 12.7 ட்ரில்லியனாகவும் இருந்தன. வேகம் 1.76 க்குத் திரும்பாமல் 2.2 ஐ ஒட்டியே நின்றது. திரும்பும் என்று நம்பி, அதை ஈடுசெய்யக் கூடுதல் பணத்துக்கு இடமளித்திருந்தால், இறங்கிக்கொண்டிருந்த விலைகள் மீண்டும் ஏற வழி திறந்திருக்கும்.

தாமதமும் இதோடு சேர்கிறது. பண நிரம்பல் மாதந்தோறும் வெளியாகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தி காலாண்டு முடிந்து இரண்டு மாதங்களுக்கும் மேலான பிறகே வெளியாகி, பின்னர் திருத்தப்படவும் செய்கிறது. வேகம் இந்த இரண்டின் ஈவு என்பதால், அது மாறிவிட்டது என்பது தெரியவரும்போது வட்டி வீதம் பற்றிய தீர்மானங்கள் எடுக்கப்பட்டு முடிந்திருக்கும். 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, அந்த ஆண்டின் முதற்காலாண்டு உற்பத்திப் புள்ளிவிவரம்கூட வெளியாகியிருக்கவில்லை. பணவீக்கமும் நாணயமாற்று வீதமும் வெளிநாட்டுக் கையிருப்பும் சொன்ன செய்தியை வைத்தே அந்தத் தீர்மானத்துக்கு வர முடிந்தது. 2023 இல் நிறைவேறிய புதிய மத்திய வங்கிச் சட்டத்தின் கீழ் பணவீக்கத்துக்கே நேரடியாக 5 சதவீத இலக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. பண நிரம்பலும் தனியார் துறைக் கடனும் இன்றும் கவனிக்கப்படுகின்றன. கடன் எங்கே விரிகிறது, அரசாங்கம் வங்கிகளிடம் எவ்வளவு பெறுகிறது என்பதைக் காட்டுவதில் அவற்றுக்கு ஈடில்லை.