புதுக்கவிதையைத் திருத்தும்போது: கடைசி வரியை வெட்டினால் சரியாகிவிடாது

திருகோணமலையில் சில நண்பர்கள் சேர்ந்து, ஒருவர் எழுதிய கவிதையை மற்றவர்கள் வாசித்துக் குறிப்பெழுதிக் கொடுக்கிறோம். இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள். ஆனால் குறிப்பெழுத உட்கார்ந்ததும், நாங்கள் தொடங்கிய காலத்தில் எல்லோரும் செய்த அதே பிழைகள்தான். எழுத்துப்பிழை, சந்திப்பிழை போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. கவிதையையே கெடுத்துவிடும் குறிப்புகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘படிமம் தட்டை’ என்று எழுதிவிட்டுப் போவது

இப்படி எழுதினால் கவிஞர் அடுத்த முறை இரண்டு உவமையும் மூன்று அடைமொழியும் சேர்த்துக்கொண்டு வருவார். தட்டையான படிமத்துக்கு அலங்காரம் மருந்தாகாது. அது ஏன் தட்டை? எழுதியவர் அந்தப் பொருளைப் பார்க்காமல், அதைப் பற்றி ஏற்கெனவே சொல்லப்பட்டதை எழுதியிருப்பார். ‘கடல் அழுகிறது’ என்ற வரியை நிலாவெளியில் இருந்தும் எழுதலாம், கடலையே காணாத ஊரில் இருந்தும் எழுதலாம். அதனால் குறிப்பைக் கேள்வியாக எழுதுங்கள்: எந்த நேரம்? யார் நின்றார்கள்? கையில் என்ன இருந்தது?

ஊர்ப் பெயர்களைப் போட்டுவிட்டால் படிமம் வந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. கோணேசர் மலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் கவிதையில் இருந்தும், எதுவும் கண்ணில் தெரியாமல் இருக்கலாம்.

இரவல் இறகுகள்

‘சிறகிலிருந்து பிரிந்த இறகு ஒன்று’ என்று எழுதிய கவிஞர் பிரமிள் பிறந்த ஊர் இது. கவிதையில் அந்த இறகு இரவலாக வந்தால், அதை அவரிடமே விட்டுவிடச் சொல்லுங்கள்.

கடைசி இரண்டு வரியை வெட்டச் சொல்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்தக் குறிப்பைக் கண்டால்தான். முடிவு தன்னைத்தானே விளக்குகிறது என்று கண்டுபிடித்தவுடன் பேனாவை எடுத்துக் கடைசி இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்துவிடுகிறார்கள். கண்டுபிடிப்பு சரி. வைத்தியம்தான் பிழை. ஒரு பிள்ளை கொண்டுவந்த கவிதையை அவருடைய சம்மதத்தோடு தருகிறேன்:

காட்டை இழந்த மான்
நகரத்தின்
தெருவில்
கண்ணீரோடு நிற்கிறது
பசி என்னும் நெருப்பு
வயிற்றில் எரிய
அது குப்பையில் தேடுவது
உணவை அல்ல
தொலைந்த தன் காட்டை
நாமும் அப்படித்தான்
ஊரை இழந்த அகதிகள்

எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் தெருவில் திரிவது தெரிந்ததுதான். அவை குப்பை கிளறுவதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாசித்தவர்களில் ஒருவர் வழக்கம்போலக் கடைசி இரண்டு வரியை அடித்தார். சரி, அடித்துப் பார்ப்போம். இப்போது கவிதை ‘தொலைந்த தன் காட்டை’ என்று முடிகிறது. அதுவும் விளக்கம்தானே? அதையும் அதற்கு மேலுள்ள இரண்டு வரிகளையும் எடுத்தால், பசி நெருப்பாக எரிவதாகச் சொல்லும் வரிகளில் வந்து நிற்கும். அதுவும் நமக்குச் சொல்லப்பட்டதுதான், காட்டப்பட்டது இல்லை. இப்படியே மேலே போனால் முதல் வரியின் ‘காட்டை இழந்த’ வரைக்கும் விளக்கம்தான். வெட்டி முடிக்கும்போது தெருவில் ஒரு மான் மட்டும் நிற்கும்.

கோளாறு கடைசி வரியில் இல்லை. மான் கண்ணுக்குத் தெரியும்படி வராததால், அது சுமக்க வேண்டியதை முடிவு சுமக்கிறது. அதனால்தான் கடைசி வரியில் கை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். அந்த வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கவிதையை முன்பு பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என்ன விளங்கியது என்று கேளுங்கள். மறைத்த வரி சொல்வதையே அவர் சொன்னால் அந்த வரி தேவையில்லை, வெட்டலாம். ஒன்றுமே விளங்கவில்லை என்றால் வெட்டாதீர்கள். மேலே உள்ள படிமத்துக்குப் போங்கள். அவர் வேறெதையோ, இன்னும் பெரிதாக எதையோ சொன்னால், அந்த முடிவு கவிதையைச் சுருக்குகிறது.

மான் கவிதை இரண்டாவது வகை. அந்தப் பிள்ளையிடம் நீங்கள் உண்மையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டோம். பஸ் நிலையத்தில் மான் ஒன்று சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றை நக்கிக்கொண்டிருந்ததாம். கூட வந்த அம்மம்மா தன் பணிசில் பாதியைக் கொடுத்தாராம். அம்மம்மா இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் இங்கே வந்து தங்கியவர். இதில் ஒன்றுகூடக் கவிதையில் இல்லை! இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் கொண்டுவந்தது இது:

பஸ் நிலையத்தில்
லஞ்ச் சீற்றை நக்கிய மான்
ஹோன் அடித்தும் நகரவில்லை
அம்மம்மா
பணிசில் பாதியைப் பிய்த்து நீட்டினா
கையிலேயே தின்றது
‘இதுக்கும் பழகிட்டுது’
என்றா
மிச்சப் பாதியைத்
தின்னாமல்

‘நாமும் அப்படித்தான்’ என்று முன்பு அறிவித்தது இப்போது அம்மம்மா வாயில், ‘இதுக்கும்’ என்பதற்குள் போய்விட்டது. அகதி என்ற சொல் எங்கும் இல்லை. சங்க அகப்பாடல்களில் உள்ளுறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது செய்வதும் இதைத்தான்: விலங்கையும் மரத்தையும் சரியாகக் காட்டிவிட்டு, மனிதரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது. வெறும் வெட்டு இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்காது.

வரி முறிவை ‘உங்கள் விருப்பம்’ என்று விடுவது

முதல் பிரதியில் ‘நகரத்தின் / தெருவில்’ என்று முறித்ததற்குக் காரணம் கிடையாது. கவிதையை ஒருமுறை உரைநடைபோல ஒரே பந்தியாக எழுதிப் பாருங்கள். முறிவு போனதால் ஏதாவது குறைந்ததா? இல்லையென்றால் அந்த முறிவு வெறும் அச்சுக்கோப்பு.

தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால், வினைமுற்றில் முடியும் வரி தானாகவே நின்றுவிடும். எல்லா வரியும் அப்படி முடிந்தால் கவிதை அறிக்கைபோலக் கேட்கும். பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் நடுவில் முறித்தால் ஓர் எதிர்பார்ப்பு எழும். அடுத்த வரியில் வரும் பெயர் அந்த எதிர்பார்ப்புக்கு ஈடாக இருக்க வேண்டும். ஒற்றையும் கவனியுங்கள். ‘மிச்சப் பாதியைத்’ என்று த் வரி ஓரத்தில் தொங்குவதால் வாசிப்பவர் அங்கே நிற்க முடியாமல் அடுத்த வரிக்குப் போகிறார். அந்த ஒற்றை எடுத்துவிட்டால் ஒரு கணம் நிற்பார். இரண்டும் செய்யலாம், ஆனால் எது வேண்டும் என்று கவிஞர் முடிவெடுத்திருக்க வேண்டும். வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவரே தன் முறிவில் நிற்காமல் ஓடினால் அந்த இடத்தைக் குறித்துக் கொடுங்கள்.

கவியரங்கக் கவிதையை இதே கண்ணால் பார்ப்பது

கூடாது. அங்கே கேட்பவர் திரும்பிப் போய் வாசிக்க முடியாது. கடைசி வரியை இரண்டு முறை சொல்லிக் கைதட்டு வாங்குவது அந்த வடிவத்தின் இயல்பு. நம் ஆட்களுக்கு விளக்கி முடிக்கும் பழக்கம் பெரும்பாலும் மேடையிலிருந்துதான் தொற்றியிருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் குறிப்பெழுதும் முன், இது மேடைக்கா பக்கத்துக்கா என்று கேட்டுவிடுங்கள்.

கவிஞருக்குப் பதிலாக நீங்களே எழுதிக் கொடுப்பது

வேண்டாம். மான் கவிதையில் நாங்கள் கேட்டது கேள்விகள் மட்டும். பணிசும் அம்மம்மாவும் அந்தப் பிள்ளையிடம்தான் இருந்தார்கள். எங்களில் எவராலும் அதை எழுதியிருக்க முடியாது.